வாய்ஸ் ரிமோட்டில் எல்லா பட்டனும் வேலை செய்கிறது, மைக் மட்டும் செய்யவில்லையா?

டிவி ஆன் ஆகிறது, சத்தம் கூடுகிறது, குறைகிறது, மேலே கீழே போக முடிகிறது. மைக் படம் போட்ட பட்டனை அழுத்தினால் மட்டும் திரையில் ஒன்றும் நடப்பதில்லை. இதைப் பார்த்ததும் "ரிமோட் நல்லாத்தானே இருக்கு, டிவியிலதான் கோளாறு" என்று முடிவுக்கு வருகிறவர்கள் அதிகம். மதுரையில் டவுன்ஹால் ரோடு பக்கம் ரிமோட்டை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால், வீட்டிலேயே அரை மணி நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலும் சரி செய்தும் விடலாம். இங்கே சொல்வது கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு டிவி வகைக்கானது. மற்ற வகைகளுக்கு எங்கே மாறுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறோம்.

முதலில் ஒரு அடிப்படை. வாய்ஸ் ரிமோட்டுகளில் பெரும்பாலானவை டிவியோடு இரண்டு வழிகளில் பேசும். ஒன்று, முன்பக்கம் உள்ள சின்ன பல்பிலிருந்து போகும் அகச்சிவப்பு ஒளி. பழைய ரிமோட்டுகள் எல்லாம் இந்த ஒரே வழியில்தான் வேலை செய்தன. இன்னொன்று புளூடூத். ஒளி வழியாகப் பட்டன் அழுத்தத்தை மட்டும்தான் அனுப்ப முடியும், குரலை அனுப்ப முடியாது. குரல் போக புளூடூத் வேண்டும். புளூடூத் இணைப்பு அறுந்துபோனாலும் பல ரிமோட்டுகள் சத்தமில்லாமல் ஒளி வழிக்கு மாறிக்கொண்டு எல்லா வேலையையும் செய்துகொண்டிருக்கும். மைக் ஒன்றுதான் நின்றுபோகும். அதனால் "மற்ற பட்டன்கள் வேலை செய்கின்றன" என்பது ரிமோட் இணைந்திருக்கிறது என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

போன் கேமராவால் ஒரு சோதனை

போனில் கேமராவைத் திறந்து செல்ஃபி பக்கம் திருப்புங்கள். பின் கேமராக்களில் பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி பலமாக இருக்கும், முன் கேமராவில் அது அவ்வளவு இருக்காது. அறையில் விளக்கைக் குறைத்துவிட்டு, ரிமோட்டின் மூக்குப் பகுதியை கேமராவுக்கு நேராகப் பிடித்து வால்யூம் பட்டனை அழுத்துங்கள். வெள்ளையாகவோ ஊதாவாகவோ ஒரு மினுக்கல் தெரிந்தால் உங்கள் கேமராவுக்கு அந்த ஒளி தெரிகிறது என்று அர்த்தம். இப்போது டிவியை ஆன் செய்துவைத்து, அம்புக்குறி பட்டன்களை அழுத்திப் பாருங்கள்.

அம்புக்குறிக்கும் மினுக்கல் வந்தால் ரிமோட் ஒளி வழியில் ஓடுகிறது. அதாவது டிவியோடு புளூடூத் இணைப்பு இல்லை. மினுக்கல் வராமல் திரையில் மட்டும் நகர்ந்தால் புளூடூத் இருக்கிறது. பவர், வால்யூம் இரண்டையும் இந்தச் சோதனையில் கணக்கில் சேர்க்காதீர்கள். இணைந்திருக்கும்போதும் அவற்றை ஒளி வழியாகவே அனுப்பும் ரிமோட்டுகள் நிறைய உண்டு.

இதோடு இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். Settings-க்குள் Remotes & Accessories என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே ரிமோட்டின் பெயருக்குக் கீழே Connected என்று இருக்கிறதா? பல மாடல்களில் அதே இடத்தில் பேட்டரி எவ்வளவு என்றும் காட்டும். அந்த சதவீதத்தை முழுதாக நம்ப வேண்டாம். ஏன் என்பது பேட்டரிப் பகுதியில் புரியும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. வீட்டில் ஸ்மார்ட் டிவியும் இருக்கும், ஆண்ட்ராய்டு செட்டாப் பாக்ஸும் இருக்கும், இரண்டுக்கும் மைக் உள்ள ரிமோட் இருக்கும். பாக்ஸ் ரிமோட் பாக்ஸோடுதான் இணையும். டிவியின் பவர், வால்யூமை அதில் ஒளி வழியாகப் பழக்கியிருப்பதால் அது டிவி ரிமோட் மாதிரியே நடந்துகொள்ளும். பாக்ஸ் அணைந்திருக்கும்போது அந்த மைக்கை எவ்வளவு அழுத்தினாலும் கேட்க ஆளில்லை. எந்த ரிமோட் எந்தப் பெட்டியுடையது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கையோடு பார்க்க வேண்டிய சில்லறை விஷயங்கள்

ரிமோட்டுக்குப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றுங்கள். தூசி படியக்கூடாது என்று வாங்கிய அன்றே உறை போட்டு, ரப்பர் பேண்டும் சுற்றி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அந்த உறை மைக் துளையை மூடிவிடும். துளை ஊசிமுனை அளவில், பெரும்பாலும் மேல் பக்கம் பவர் பட்டனுக்கு அருகில் இருக்கும். திருநீறோ மாவோ படிந்திருந்தால் காய்ந்த பல் துலக்கும் பிரஷ்ஷால் லேசாகத் தட்டி எடுங்கள். குண்டூசியை உள்ளே விடாதீர்கள். மைக் அந்தத் துளைக்கு நேர் கீழேதான் இருக்கிறது, ஒரு குத்தில் அதன் ஜவ்வு கிழிந்துவிடும்.

மைக் பட்டனை அழுத்தும் விதமும் முக்கியம். பல ரிமோட்டுகளில் பேசி முடிக்கும்வரை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். தட்டிவிட்டுக் கையை எடுத்தால் திறந்த வேகத்தில் மூடிவிடும். பட்டனைப் பிடித்தபடி, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, "மதுரையில் இன்றைய வானிலை" என்று சொல்லிப் பாருங்கள்.

பேட்டரி: மீட்டரில் 1.4 காட்டினாலும் போதாது

மைக் கோளாறில் பெரும்பங்கு இங்கேதான். அம்புக்குறியை அழுத்தும்போது ரிமோட் ஒரு சின்னத் தகவலை ஒரு நொடிக்குள் அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும். மைக் அப்படியில்லை. நீங்கள் பேசும் நேரம் முழுக்க ஒலியைப் பதிந்து, சுருக்கி, இடைவிடாமல் அனுப்ப வேண்டும். அதற்கு இழுக்கும் மின்சாரம் பல மடங்கு அதிகம். பாதி தீர்ந்த பேட்டரி சின்ன வேலைக்குத் தாங்கும், இந்த வேலைக்குத் தாங்காது. மின்னழுத்தம் சரிந்ததும் ரிமோட்டின் சிப், குரல் அனுப்பும் வேலையைத் தொடங்காமலே விட்டுவிடும், அல்லது நடுவில் அணைந்து மறுபடி எழும். உங்கள் கண்ணுக்கு "பட்டன் வேலை செய்யவில்லை" என்று மட்டும்தான் தெரியும்.

பெரும்பாலான ரிமோட்டுகளில் இருப்பது சின்ன பென்சில் பேட்டரி இரண்டு, அதாவது AAA அளவு. டிவியோடு பெட்டிக்குள் வருவது அநேகமாக சாதா துத்தநாக-கார்பன் வகை. விலை குறைவு, ஆனால் திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால் அதன் அழுத்தம் சட்டென்று விழும். வாய்ஸ் ரிமோட்டுக்கு ஆல்கலைன் வகையே சரி, மேலே Alkaline என்று அச்சிட்டிருக்கும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகை ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான் தரும். சில ரிமோட்டுகள் அதை ஏற்றுக்கொள்ளும், சில ரிமோட்டுகள் எப்போதும் "பேட்டரி குறைவு" என்றே புலம்பும். கோளாறு தேடும்போது அதைப் போட்டுச் சோதிக்க வேண்டாம்.

மல்டிமீட்டர் இருந்தால் டிசி 20 வோல்ட் அளவில் வைத்து ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளக்கலாம். புது ஆல்கலைன் 1.5-லிருந்து 1.6 வரை காட்டும். 1.3-க்குக் கீழே வந்தால் சந்தேகப்படலாம், 1.2-க்குக் கீழே என்றால் யோசிக்காமல் மாற்றிவிடலாம். ஆனால் வெளியே எடுத்து அளப்பது பாதி உண்மையைத்தான் சொல்லும், ஏனென்றால் அப்போது பேட்டரி எந்தச் சுமையையும் தூக்கவில்லை. ரிமோட்டுக்குள் போட்டபடியே, மூடியைத் திறந்து வைத்து, பேட்டரி ஒன்றின் இரு முனைகளிலும் மீட்டர் கம்பிகளை வைத்துக்கொண்டு, இன்னொருவரை மைக் பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அழுத்தும்போது அளவு சட்டென்று இறங்கினால், அதுவும் 1.2-ஐத் தாண்டிக் கீழே போனால், காரணம் கிடைத்துவிட்டது. அடுத்த பேட்டரிக்கும் இதே போல் பாருங்கள். சதவீதக் கணக்கை நம்ப வேண்டாம் என்று சொன்னதற்கும் இதுதான் காரணம். அது பெரும்பாலும் ரிமோட் சும்மா இருக்கும்போது எடுத்த அளவு.

மீட்டர் இல்லையென்றால் இரண்டு புது ஆல்கலைன் போட்டுப் பார்ப்பதே சோதனை. பழையது ஒன்று, புதியது ஒன்று என்று கலக்கக் கூடாது. தீர்ந்த பேட்டரி நல்ல பேட்டரியின் சக்தியையும் சேர்த்துக் கெடுக்கும், கடைசியில் கசியவும் செய்யும். சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றியதைப் போட்டு "புது பேட்டரி போட்டும் வரல" என்று சொல்வதும் வேண்டாம். கடிகாரத்துக்கு மிகக் குறைந்த மின்சாரம் போதும். அதில் ஓடுவது இதில் ஓடும் என்று சொல்ல முடியாது.

பேட்டரிக் கூட்டையும் ஒரு கண் பாருங்கள். சித்திரை வெயிலில் ஜன்னல் ஓரம் கிடந்த ரிமோட்டில் பேட்டரி கசிந்திருக்கலாம். ஸ்பிரிங்கில் வெள்ளைத் தூள் இருந்தால் அது ஆல்கலைன் கசிவு. காரத்தன்மை உள்ளது, வெறும் கையால் தொடாதீர்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஒரு சொட்டு தொட்டுத் துடைத்து, பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் இன்னொரு குச்சியை நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். சாதா பேட்டரியின் பழுப்பு நிற ஈரக் கசிவுக்கு வினிகர் வேண்டாம், ஸ்பிரிட் மட்டும் போதும். ஸ்பிரிங் அமுங்கிப்போயிருந்தால் மெதுவாக ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுத்துவிடுங்கள்.

மறுபடி இணைப்பது

புது பேட்டரி போட்டும் மைக் வரவில்லை, ஆனால் Connected என்று காட்டுகிறது என்றால் பழைய இணைப்பை முழுதாக அழித்துவிட்டு மறுபடி இணைக்க வேண்டும். ஏன் என்று கேட்கலாம். புளூடூத்துக்குள்ளேயே பட்டன்களுக்கு ஒரு பாதையும் குரலுக்கு இன்னொரு பாதையும் இருக்கின்றன. முதன்முறை இணைக்கும்போது "இந்த ரிமோட்டில் என்னென்ன பாதைகள் உண்டு" என்று டிவி கேட்டு எழுதி வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பேட்டரி இளைத்திருந்தாலோ, டிவியின் மென்பொருள் பிறகு புதுப்பிக்கப்பட்டிருந்தாலோ அந்தக் குறிப்பு அரைகுறையாக நின்றுவிடும். பட்டன் பாதை ஓடும், குரல் பாதை ஓடாது. ஆஃப் செய்து ஆன் செய்தால் அதே பழைய குறிப்பைத்தான் டிவி மறுபடி படிக்கும்.

அழிப்பதற்கு முன்னால் மாற்று வழி ஒன்றைத் தயாராக வையுங்கள், இதை மறந்தால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். போனில் Google TV ஆப்பைப் போட்டு, டிவி இருக்கும் அதே வைஃபையில் இணைத்து, அதிலுள்ள ரிமோட்டால் டிவியை ஓட்ட முடிகிறதா என்று பாருங்கள். இதில் கூடுதலாக ஒரு லாபம் உண்டு. அந்த ஆப்பிலும் மைக் இருக்கிறது. அதில் பேசினால் டிவி பதில் சொல்கிறதா? சொன்னால் டிவி, இணையம், கணக்கு எல்லாம் சரி, கோளாறு ரிமோட்டிலோ அதன் இணைப்பிலோ இருக்கிறது. போன் மைக்குக்கும் டிவி அசையவில்லை என்றால் ரிமோட்டை மறுபடி இணைத்துப் பயனில்லை, கீழே டிவி பகுதிக்குப் போய்விடுங்கள்.

இனி வரிசையாகச் செய்யுங்கள். Settings, பிறகு Remotes & Accessories, அதில் ரிமோட்டின் பெயரைத் தேர்ந்து Forget அல்லது Unpair கொடுங்கள். ரிமோட்டிலிருந்து பேட்டரிகளைக் கழற்றி, ஏதாவது ஒரு பட்டனை 15 நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்து சிப் உண்மையிலேயே அணையும். டிவியை ரிமோட்டில் அணைப்பது அணைத்ததாகாது, அது தூக்கம்தான். சுவர் ஸ்விட்சை அணைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். பின்பக்கம் யூஎஸ்பியில் பென் டிரைவோ ஹார்டு டிஸ்க்கோ செருகியிருந்தால் இந்த நேரத்தில் கழற்றிவிடுங்கள். யூஎஸ்பி 3.0 கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்பும், புளூடூத்தும் அதே இடத்தில்தான் ஓடுகிறது.

டிவியை ஆன் செய்து முகப்புத் திரை வந்த பிறகும் ஒரு நிமிடம் பொறுங்கள். பேட்டரியைப் போட்டு, Remotes & Accessories பகுதியில் Pair remote or accessory, பழைய ஆண்ட்ராய்டு டிவியாக இருந்தால் Add accessory என்பதைத் திறந்து வையுங்கள். ரிமோட்டை டிவியிலிருந்து ஒரு முழத்துக்குள் கொண்டுபோய், இணைப்புக்கான இரண்டு பட்டன்களை விளக்கு மினுக்கும்வரை சேர்த்துப் பிடியுங்கள். எந்த இரண்டு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூகுள் குரோம்காஸ்ட் ரிமோட்டில் Back, Home இரண்டும். மற்றவற்றில் டிவியின் திரையிலேயே படம் போட்டுக் காட்டும், அல்லது பேட்டரி மூடிக்குள் ஸ்டிக்கர் இருக்கும். பட்டியலில் ரிமோட்டின் பெயர் வந்ததும் தேர்ந்தெடுங்கள். இணைந்த பிறகு ஒரு நிமிடம் எதையும் அழுத்தாமல் விடுங்கள், டிவி பாதைகளைக் கேட்டுக் குறித்துக்கொள்வது இப்போதுதான். ரிமோட்டுக்கு மென்பொருள் புதுப்பிப்பு இருக்கிறது என்று திரையில் வந்தால் ஒத்துக்கொள்ளுங்கள்.

சாம்சங் டிவியில் Return, Play/Pause இரண்டையும் சேர்த்து மூன்று நொடிக்கு மேல் பிடிக்க வேண்டும். எல்ஜி மேஜிக் ரிமோட்டில் Home, Back இரண்டையும் ஐந்து நொடி பிடித்தால் பழைய பதிவு அழியும், பிறகு நடுச் சக்கரத்தை அழுத்தினால் புதிதாகப் பதிவாகும். ஃபயர் டிவியில் இணைக்க Home பட்டனை 10 நொடி பிடிக்க வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் ஃபயர் டிவியின் மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, இடது அம்பு, Menu, Back மூன்றையும் 12 நொடி பிடித்து விடுங்கள். ஐந்து நொடி கழித்து பேட்டரியை எடுத்து, ஃபயர் டிவிக்கு மின்சாரம் கொடுத்து ஒரு நிமிடம் கழிந்ததும் பேட்டரியைப் போட்டு Home அழுத்துங்கள்.

ஒரு வீட்டு உதாரணம்

திருநகரில் ஒரு வீட்டில் 43 அங்குல கூகுள் டிவி என்று வைத்துக்கொள்வோம். மைக்கை அழுத்தினால் ரிமோட்டில் விளக்கு ஒரு கணம் எரிந்து அணைகிறது, திரையில் ஒன்றுமில்லை. கேமராவில் அம்புக்குறிக்கு மினுக்கல் இல்லை, பட்டியலில் Connected, பேட்டரி 60 சதவீதம். போன் ஆப்பில் பேசினால் டிவி பதில் சொல்கிறது. ஆக டிவி சரி, புளூடூத்தும் இருக்கிறது. பேட்டரி டிவியோடு வந்த சாதா வகை. வெளியே எடுத்து அளந்தால் ஒன்று 1.39, இன்னொன்று 1.33. நல்லது போலத்தான் தெரிகிறது. உள்ளே போட்டு மைக்கை அழுத்தினால் இரண்டாவது 1.1-க்கு விழுகிறது. விளக்கு எரிந்து அணைந்ததற்கு இதுதான் காரணம்.

புது ஆல்கலைன் போட்டதும் விளக்கு அணையாமல் நிற்கிறது, ஆனாலும் திரையில் எதுவும் வரவில்லை. பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான், "பேட்டரி காரணமில்லை" என்று நினைத்துவிடுவார்கள். பேட்டரி ஒரு காரணம். அது இளைத்திருந்த நாட்களில் கெட்டுப்போன இணைப்பு இன்னொரு காரணம். அழித்து மறுபடி இணைத்ததும் மைக் திறக்கிறது. வரிசையை மாற்றிச் செய்திருந்தால், அதாவது பழைய பேட்டரியோடு மறுபடி இணைத்திருந்தால், அதே அரைகுறை இணைப்பு திரும்ப வந்திருக்கும். பேட்டரி முதலில், இணைப்பு பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கோளாறு டிவி பக்கம் இருந்தால்

போன் மைக்குக்கும் பதில் இல்லை என்றால் முகப்புத் திரையைப் பாருங்கள். படங்கள், பரிந்துரைகள் எதுவும் இல்லாமல் ஒரு சில உள்ளீடுகள் மட்டும் தெரிந்தால் டிவி Basic TV முறையில் இருக்கிறது. மாட்ட வந்தவர், வீட்டில் வைஃபை இல்லாத அன்று கணக்கு கேட்காமல் முடித்துவிட்டுப் போனதன் விளைவு இது. முகப்பிலேயே கூகுள் டிவியை அமைக்கச் சொல்லும் வழி இருக்கும், அதில் போய்க் கணக்கைச் சேர்த்தால்தான் மைக்குக்கு உயிர் வரும்.

கணக்கு இருந்தும் வரவில்லை என்றால் Settings, Privacy, Microphone போய் அங்கே மைக் அனுமதி அணைந்திருக்கிறதா பாருங்கள், ரிமோட் மைக்குக்கும் அங்கே தனி ஸ்விட்ச் இருக்கலாம். அடுத்து Apps பட்டியலில் Google என்ற ஆப்பைத் திறந்து Permissions-இல் Microphone அனுமதி கொடுத்து, Force stop, Clear cache செய்து, டிவியை மறுதொடக்கம் செய்யுங்கள். அந்த ஆப் Disable ஆகியிருந்தால் Enable. இடம் போதவில்லை என்று யாரோ அதை அணைத்து வைத்திருப்பது உண்டு. தேதியும் நேரமும் சரியா என்றும் பாருங்கள். நேரம் தவறாக இருந்தால் கூகுளின் சர்வர் டிவியோடு பேசாது. Date & time-இல் நெட்வொர்க்கிலிருந்து நேரம் எடுக்கும்படி வைத்துவிட்டால் மின்வெட்டுக்குப் பிறகும் தானாகச் சரியாகிவிடும்.

மைக் திறக்கிறது, நீங்கள் சொல்வதைக் கேட்கவும் செய்கிறது, ஆனால் தமிழை ஆங்கிலமாகக் குழப்பி எழுதுகிறது என்றால் அது மொழி அமைப்பின் சிக்கல், ரிமோட்டைப் பிரிக்காதீர்கள்.

புது ரிமோட் வாங்கத்தான் வேண்டும் என்றால்

புது ஆல்கலைன் போட்டு, அழித்து இணைத்து, போன் மைக் வேலை செய்வதையும் பார்த்த பிறகும் ரிமோட் மைக் மட்டும் ஊமையாக இருந்தால், பட்டனின் கீழுள்ள கார்பன் பட்டையோ மைக்கோ போயிருக்கிறது. அழுத்தும்போது விளக்கே எரியவில்லை என்றால் பட்டன், விளக்கு எரிந்து மைக் பட்டை திரையில் திறந்தும் குரல் ஏறவில்லை என்றால் மைக். பட்டனைத் திறந்து துடைத்துப் பார்க்கலாம், மைக்கை மாற்றுவது வீட்டில் செய்கிற காரியமில்லை.

கடையில் அச்சு அசலாக அதே வடிவத்தில், மைக் படமும் போட்டு, விலை குறைவாக ரிமோட் கிடைக்கும். அவற்றில் பல வெறும் ஒளி ரிமோட்டுகள். மைக் பட்டன் அலங்காரத்துக்கு இருக்கும், உள்ளே புளூடூத்தே இருக்காது. ஏற்கெனவே ஒருமுறை ரிமோட் மாற்றிய வீடாக இருந்தால், உங்கள் கையில் இருப்பதே அப்படிப்பட்டதா என்று மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் பார்த்துவிடுங்கள். மைக் துளை இல்லாமலிருப்பது ஒரு அடையாளம். இணைப்பு பட்டன்களை எவ்வளவு நேரம் பிடித்தாலும் பட்டியலில் பெயர் வராமலிருப்பது இன்னொன்று.

வாங்கும்போது டிவியின் மாடல் எண்ணை, பின்பக்க ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். "வாய்ஸ் உண்டா" என்று கேட்டால் எல்லாரும் உண்டு என்பார்கள். கடையிலேயே பேட்டரி போட்டு, இணைப்பு பட்டன்களைப் பிடித்துக்கொண்டு, உங்கள் போனின் புளூடூத் பட்டியலைத் திறந்து பாருங்கள். புளூடூத் உள்ள ரிமோட் என்றால் பெரும்பாலும் அதன் பெயர் அங்கே தெரியும். போனோடு இணைத்துவிடாதீர்கள், பெயரைப் பார்த்தால் போதும். பெயர் தெரியவில்லை என்றால், மைக் வேலை செய்யாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாக பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு காசு கொடுங்கள்.